நாலுக்கும் ஒரே ‘மிகவும்’

கேள்வி: ஆங்கிலச் சிறுகதைகளை மொழிபெயர்த்து வருகிறேன். க்வைட், ராதர், ஃபேர்லி, வெரி ஆகிய நாலுக்குமே ‘மிகவும்’ என்றுதான் கை போகிறது. என் கதைகளில் எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டே பேசுகிறார்கள் என்கிறார் படித்துப் பார்த்த நண்பர். இன்ன சொல்லுக்கு இன்ன தமிழ்ச்சொல் என்று நீங்கள் சொல்லிவிட்டால் அதையே வைத்துக்கொள்வேன். சொல்வீர்களா?

பதில்: மாட்டேன். உங்கள் நண்பர் சொன்னது சரிதான். ஆனால் நான் பட்டியல் போட்டுக் கொடுத்தால் கதை இன்னும் கெடும். இப்போது ஒரே மாதிரித் தவறுகிறீர்கள், அப்புறம் நாலு விதமாகத் தவறுவீர்கள். வெரியை விட்டுவிடுங்கள், மற்ற மூன்றுக்கும் தனியாக ஓர் அளவு கிடையாது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் அவை தங்கள் அளவை எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பக்கத்துச் சொல்லைப் பார்க்காமல் அகராதியைப் பார்ப்பதுதான் உங்கள் சிக்கல்.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது க்வைட். ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர் ‘க்வைட் குட்’ என்று எழுதினால் ‘பரவாயில்லை, நன்றாக இருக்கிறது’ என்பதோடு சரி. அவரே ‘க்வைட் இம்பாசிபிள்’ என்று எழுதினால் ‘நடக்கவே நடக்காது’ என்று பொருள். அதே சொல்தான், முதலாவதில் நடுவழியில் நிற்கிறது, இரண்டாவதில் எல்லைக்கே போய்விடுகிறது. ஏனென்றால் நல்லது, பெரியது, களைப்பு எல்லாம் கூடவும் குறையவும் செய்கிற குணங்கள். சாவு, முழுமை, முடியாமை அப்படியல்ல, உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். ஏறி இறங்கும் குணத்தின் முன்னால் க்வைட் வந்தால் நடுத்தரம், உண்டு-இல்லை வகையின் முன்னால் வந்தால் முழுமை.

எது எந்த வகை என்று தெரியவில்லையா? க்வைட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெரி போட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘வெரி டயர்ட்’ இயல்பாக வரும், ஆகவே ‘க்வைட் டயர்ட்’ நடுத்தரம், ‘களைப்பாகத்தான் இருந்தாள்’ போதும். ‘வெரி டெட்’ என்று விளையாட்டுக்குத் தவிர யாரும் சொல்வதில்லை, ஆகவே ‘க்வைட் டெட்’ என்றால் ‘உயிர் அடியோடு போய்விட்டது’. இந்தச் சோதனை எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ‘வெரி டிஃபரென்ட்’ என்று தாராளமாகச் சொல்கிறார்கள், ஆனாலும் ‘க்வைட் டிஃபரென்ட்’ பெரும்பாலும் ‘முற்றிலும் வேறு’தான். இன்னொன்றும் உண்டு. எழுதியவர் அமெரிக்கராக இருந்தால் ‘க்வைட் குட்’ வெரியின் பக்கம் சாய்ந்து நிற்கும். அதனால் கதையை எடுத்ததும் ஆசிரியர் எந்த ஊர்க்காரர் என்று பார்த்துக்கொள்வது வீண்வேலை அல்ல.

க்வைட்டில் அளவு மீறுவதோடு நிற்காமல் பொருளே தலைகீழாகும் இடம் ஒன்றும் இருக்கிறது. ‘க்வைட் அ ஃப்யூ பீப்பிள்’ என்பதை ‘மிகச் சிலர்’ என்று எழுதியவர்கள் உண்டு. அது ‘நிறையப் பேர்’. ஃப்யூ கண்ணில் பட்டதும் ‘சிலர்’ என்று கை எழுதிவிடுகிறது, கூடவே வழக்கமான ‘மிக’வும் ஒட்டிக்கொள்கிறது. கூட்டம் கூடிய இடம் தமிழில் வெறிச்சோடிப் போகிறது.

ராதரும் ஃபேர்லியும் அளவில் ஏறக்குறைய அண்டை வீட்டுக்காரர்கள். ராதர் ஒரு படி கூடுதல், அவ்வளவுதான். ஆனால் வித்தியாசம் அளவில் இல்லை, பேசுகிறவர் மனத்தில் இருக்கிறது. ‘தி ரூம் வாஸ் ஃபேர்லி வார்ம்’ என்றவருக்கு அந்த வெப்பம் பிடித்திருக்கிறது. ‘ராதர் வார்ம்’ என்றவர் சன்னலைத் திறக்கப் போகிறார். இரண்டையும் ‘அறை மிகவும் சூடாக இருந்தது’ என்று நீங்கள் எழுதினால் வாசகர் இரண்டு பேரையும் தீயணைப்பு வண்டியில் ஏற்றிவிடுவார். முதலாவதை ‘அறை கதகதப்பாகத்தான் இருந்தது’ என்றும், இரண்டாவதை ‘அறை கொஞ்சம் சூடாகவே இருந்தது’ என்றும் எழுதிப் பாருங்கள். வேலை பாதியைச் செய்தது எது? ஒன்றில் ‘தான்’, மற்றதில் ‘கொஞ்சம்’ கூட வந்த ஏகாரம். ஆங்கிலம் தனிச்சொல்லால் செய்வதைத் தமிழ் வால் எழுத்தால் செய்கிறது. அகராதியில் நீங்கள் தேடும்போது அகப்படாமல் போவது இதனால்தான்.

‘கொஞ்சம்’ பற்றி ஓர் எச்சரிக்கை. குறை சொல்லும் இடத்தில் அது ராதருக்கு அச்சாகப் பொருந்தும். ‘ராதர் எக்ஸ்பென்சிவ்’ என்றால் ‘விலை கொஞ்சம் அதிகம்தான்’. சொல் சின்னது, ஆனால் கேட்கிறவருக்கு விலை கட்டுப்படியாகாது என்பது புரிந்துவிடும். ‘ராதர் டூ லாங்’ என்பதற்கும் ‘கொஞ்சம் நீளம்தான்’ போதும். ஆனால் பாராட்டும் இடத்துக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். ‘ராதர் குட்’ என்பதை ‘கொஞ்சம் நன்றாக இருந்தது’ என்றால் பாராட்டு பாதியாகிவிடும். அங்கே ராதருக்குள் ஒரு சின்ன ஆச்சரியம் இருக்கிறது, எதிர்பார்த்ததைவிடத் தேறிவிட்டதே என்கிற தொனி. ‘நன்றாகவே இருந்தது’ என்று நிறுத்துங்கள்.

வெரியில் என்ன சிக்கல் என்பீர்கள், ‘மிகவும்’ நேராகப் பொருந்துமே. நேர்வாக்கியத்தில் பொருந்தும். எதிர்மறையில் பொருந்தாது, அங்கேதான் நீங்கள் கவனிக்காத குழி இருக்கிறது. ‘நாட் வெரி குட்’ என்றால் வெரியை மட்டும்தான் நாட் தள்ளிவிடுகிறது. நல்லதுதான், ஆனால் சொல்லும்படியாக இல்லை. ‘மிகவும் நன்றாக இல்லை’ என்று எழுதினால் வாசகர் காதில் ‘மிகவும்’ போய் ‘நன்றாக இல்லை’ முழுவதோடும் ஒட்டிக்கொள்கிறது. படுமோசம் என்றே படிப்பார். ‘அவ்வளவு நன்றாக இல்லை’ என்பதுதான் தமிழ். ‘அவ்வளவு’, ‘அவ்வளவாக’, ‘பெரிதாக ஒன்றும்’ ஆகிய மூன்றும் ‘இல்லை’யோடு சேர்ந்து வந்தால் இந்த வேலையை அழகாகச் செய்யும்.

இந்த ஒரு பிழை கதையைவிடக் கருத்துக் கணிப்புப் படிவத்தில் பெரிய சேதம் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் யூரோபாரோமீட்டர் போன்ற கணிப்புகளில் ஒரு நாலு படி அளவுகோல் வரும்: வெரி சாட்டிஸ்ஃபைட், ஃபேர்லி சாட்டிஸ்ஃபைட், நாட் வெரி சாட்டிஸ்ஃபைட், நாட் அட் ஆல் சாட்டிஸ்ஃபைட். இதைத் தமிழாக்கும்போது மூன்றாவதை ‘மிகவும் திருப்தி இல்லை’ என்று போட்டால் அது நாலாவது ‘கொஞ்சமும் திருப்தி இல்லை’க்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். லேசாக மனக்குறை உள்ளவருக்குப் படிவத்தில் இடமே இருக்காது, அவர் இரண்டாவதையோ நாலாவதையோ தொட்டுவிட்டுப் போவார். இரண்டாவதிலும் கவனம் வேண்டும். ‘ஓரளவு திருப்தி’ என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். ‘ஓரளவு’ என்ற சொல்லைத் தமிழர் குறை மனத்தோடு சொல்கிறோம், அதாவது முழுசாக இல்லை என்பதைச் சொல்லத்தான் அதை எடுக்கிறோம். ஃபேர்லியோ திருப்தியின் பக்கத்தில் நிற்கிற சொல். ‘மிகவும் திருப்தி, திருப்திதான், அவ்வளவாகத் திருப்தி இல்லை, கொஞ்சமும் திருப்தி இல்லை’ என்று அமைத்தால் நாலு படியும் நாலு இடத்தில் நிற்கும்.

மிகுதியைச் சொல்ல நம்மிடம் பஞ்சமில்லை என்பதும் உங்களுக்கு ஒரு வகையில் வினை. உறு, தவ, நனி மூன்றும் மிகுதிப் பொருள் தரும் என்கிறது தொல்காப்பியம். நன்னூல் சால, கூர், கழி என்று இன்னும் மூன்றைச் சேர்த்து ஆறாக்குகிறது. நடுத்தரத்துக்கு இப்படி வரிசையாக நூற்பா போட்டு யாரும் கையில் தரவில்லை. அது பேச்சில்தான் கிடக்கிறது: ‘பரவாயில்லை’, ‘சுமார்’, ‘ஏதோ இருக்கிறது’, ‘நன்றாகத்தான் இருக்கிறது’. எழுதும்போது நாம் பேச்சை விட்டு ஏட்டுக்குப் போகிறோம், ஏட்டில் கிடைப்பது மிகுதி மட்டும்.

உங்களுக்காகவே நாலும் வருகிற ஒரு வாக்கியம் கட்டியிருக்கிறேன். ஒருவர் தன்னிடம் வேலை பார்த்தவருக்குக் கொடுக்கும் சான்றுக் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘ஹி இஸ் ஃபேர்லி கேர்ஃபுல், ராதர் ஸ்லோ, நாட் வெரி பங்சுவல், பட் க்வைட் ஹானஸ்ட்.’ உங்கள் பாணியில் இது இப்படி வரும்: ‘அவர் மிகவும் கவனமானவர், மிகவும் மெதுவானவர், மிகவும் நேரம் தவறாதவர் அல்ல, ஆனால் மிகவும் நேர்மையானவர்.’ படிப்பவருக்கு அந்த ஆள் ஒரு மகானாகவும் சோம்பேறியாகவும் ஒரே மூச்சில் தெரிவார். மூன்றாவது துண்டை எந்தப் பக்கம் எடுப்பது என்றே புரியாது.

என் பாணியில் சொன்னால், ‘வேலையில் கவனம் உண்டு. கொஞ்சம் மெதுவாகத்தான் செய்வார். நேரத்துக்கு வருவதை அவ்வளவாகப் பொருட்படுத்தமாட்டார்.’ ஃபேர்லிக்கு இங்கே தனிச்சொல் எதுவும் வைக்கவில்லை, கவனித்தீர்களா? ‘உண்டு’ என்று சும்மா நிறுத்தியதிலேயே அளவு வந்துவிட்டது. நடுத்தரத்தைச் சொல்லத் தமிழில் பல சமயம் அடைமொழியை எடுத்துவிட்டாலே போதும்.

கடைசியாக க்வைட் ஹானஸ்ட். ‘வெரி ஹானஸ்ட்’ என்று சொல்ல முடியும் என்பதால் நான் சொன்ன சோதனைப்படி இது நடுத்தரம், ‘ஓரளவு நேர்மையானவர்’ என்று வரவேண்டும். ஆனால் பாதி நேர்மை உள்ள ஆளுக்கு யார் சான்று எழுதிக் கொடுப்பார்கள்? அதுவும் இரண்டு குறையைச் சொல்லிவிட்டு ‘பட்’ போட்டு ஈடுகட்டுகிற இடத்தில்? இங்கே சோதனையை ஓரமாக வைத்துவிட்டு, கடிதம் எழுதியவர் எதற்காக எழுதினார் என்று பாருங்கள். ‘ஆனால் நாணயத்தில் குறை சொல்ல முடியாது.’