நடுக்குழிக்குப் பக்கத்தில் ஒரு கோலி

வணக்கம் சார். சித்திரைத் திருவிழாக் கடையில் சிலுவை மாதிரி 33 குழி உள்ள மரப்பலகையும் கோலிகளும் வாங்கினேன். நடுக்குழியைக் காலியாக விட்டு ஆடி, கடைசிக் கோலியை அதற்கு வலப்பக்கக் குழியில் நிறுத்தியதாக என் மச்சான் சொல்கிறார். நான் பார்க்கவில்லை. இது நடக்குமா?
— மேலூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நடக்காது. ஒரு சாக்பீஸ் இருந்தால் மச்சானுக்கே காட்டிவிடலாம். குழிகளின் ஓரத்தில் இப்படி எண் போடுங்கள்:

```
    3 1 2
    1 2 3
3 1 2 3 1 2 3
1 2 3 1 2 3 1
2 3 1 2 3 1 2
    2 3 1
    3 1 2
```

நேர்கோட்டில் அடுத்தடுத்த எந்த மூன்று குழியைப் பார்த்தாலும் 1, 2, 3 மூன்றும் இருக்கும். ஒரு கோலி பக்கத்துக் கோலியைத் தாண்டி அடுத்த காலிக் குழிக்குப் போகும் தாவலுக்கு அந்த மூன்று குழிகள்தானே வேண்டும்? முதல் குழி காலியாகிறது, நடுக் கோலி வெளியே போகிறது, மூன்றாவதில் ஒன்று வந்து உட்காருகிறது. ஆக ஒவ்வொரு தாவலிலும் மூன்று எண்களின் கணக்கிலும் ஒன்று கூடும் அல்லது குறையும். ஒற்றைப்படை இரட்டையாகும், இரட்டை ஒற்றையாகும், மூன்றும் ஒன்றாகவே.

ஆரம்பத்தில் 1-இல் 10 கோலி, 2-இலும் 3-இலும் 11 வீதம். 2-உம் 3-உம் ஒரே ஜாதி, 1 மட்டும் எதிர் ஜாதி. இது கடைசிவரை மாறாது. ஒரே கோலி மிஞ்சும்போது மற்ற இரண்டு எண்களில் பூஜ்யம், அதாவது இரட்டை. தனியாக நிற்கும் ஒற்றை 1-இல்தான் இருந்தாக வேண்டும். மச்சானின் குழியில் இருப்பது 2.

இதோடு நிற்க வேண்டாம். எண்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றி எழுதினாலும் அதே வாதம் செல்லும். இரண்டு முறையும் 1 விழும் குழிகள் ஐந்தே: நடுக்குழியும், நான்கு கைகளின் வெளி ஓரத்து நடுக்குழிகளும்.

இந்த ஐந்தும் உண்மையில் ஒரே முடிவுதான் என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஓர வரிசையில் மூன்றே குழி. அதன் நடுவுக்குப் பக்கவாட்டில் தாவி வர முடியாது, உள்ளிருந்துதான் வர வேண்டும். அப்படியென்றால் கடைசி இரண்டு கோலிகள் நடுக்குழியை அடுத்த இரண்டு குழிகளில் நிற்கும். உள்கோலி வெளியே தாவினால் ஓரம், வெளிக்கோலி உள்ளே தாவினால் நடு.

மச்சான் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு கோலி பக்கத்துக் குழிக்கு உருண்டிருக்கலாம், கவனிக்காமல் விட்டிருப்பார். அடுத்த முறை ஆடும்போது நாலைந்து தாவலுக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 2-உம் 3-உம் ஒரே ஜாதியாகவும் 1 எதிராகவும் இல்லையென்றால், அதற்கு முந்தைய நாலைந்து தாவலுக்குள்தான் பிழை. கணக்கு சரியாக இருந்தும் மூன்று கோலி மிஞ்சினால் அது விதிப்பிழை அல்ல, வழி தவறியது. அதை இந்த எண்கள் காட்டாது.