பார்த்தே பழகாத பெரிய அதிகாரிக்கு மெயில்: 'சார்' போடலாமா, பெயர் சொல்லலாமா?

வணக்கம் சார். புனேயில் சேரும் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டு உங்கள் மகள் அனுப்ப வேண்டிய மெயிலுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த வரைவைப் படித்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' எல்லாம் முறையாக இருக்கிறது. தாசில்தாருக்குப் போகும் மனு என்றால் நான் அதில் கை வைக்க மாட்டேன். ஆனால் இது ஐடி கம்பெனியின் டெலிவரி ஹெட்டுக்குப் போகிறது. வேலையில் சேர்ந்த புதிதில் அவர் மேடையில் பேசியபோது அவள் பார்த்ததோடு சரி. அவருக்கு உங்கள் மகளைத் தெரியாது. தோழி சொல்லிக்கொடுத்த 'ஹாய், ஒரு சின்ன ஹெல்ப்' என்பதும் இங்கே எடுபடாது.

எவ்வளவு மரியாதை வேண்டும் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அவர் எல்லோருக்கும் அனுப்பிய மெயில்கள் அவளுடைய இன்பாக்ஸில் இருக்கும். எப்படித் தொடங்குகிறார், கடைசியில் வெறும் பெயரைப் போடுகிறாரா, பதவியோடு முடிக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். டீம் லீட் அவருக்கு எழுதி இவளுக்கும் நகல் வந்த மெயில் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதை அப்படியே காப்பி அடிக்கக் கூடாது. லீட் அவரோடு பல வருடம் வேலை பார்த்தவராக இருக்கலாம். இவளுக்கு இது முதல் மெயில். லீட் எழுதுவதைவிட ஒரு படி மேலே நின்றால் போதும். லீட் 'ஹாய்' என்றால் இவள் 'டியர்' என்று பெயரைப் போடலாம். ஒரு படி கூடினால் யாரும் தப்பாக நினைப்பதில்லை, குறைந்தால் உறுத்தும். மூன்று நான்கு படி கூடினால் 'இந்தப் பெண்ணுக்கு ஆபீஸ் பழக்கம் தெரியவில்லை' என்று தோன்றிவிடும்.

நேரில் 'சார்' என்றும் மெயிலில் பெயர் சொல்லியும் பழகுவது சென்னை ஐடி அலுவலகங்களில் சாதாரணம். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. வங்கியிலும் பொதுத்துறையிலும் கதை வேறு. அங்கே எழுத்திலும் 'சார்' அல்லது 'மேடம்' இருந்தாக வேண்டும்.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு. மெயில் முகவரியில் கார்த்திகேயன் சுப்ரமணியன் என்று இருந்தால், பின்னால் வருவது பெரும்பாலும் அப்பா பெயர். 'மிஸ்டர் சுப்ரமணியன்' என்று எழுதினால் அவருடைய அப்பாவுக்குக் கடிதம் போட்ட மாதிரி ஆகிவிடும். வடக்கத்திக்காரர் என்றால் பின்னால் வருவது பெரும்பாலும் குடும்பப் பெயராக இருக்கும். கிரண், ஜோதி போன்ற பெயர் இருபாலருக்கும் உண்டு. உறுதியாகத் தெரியாதபோது 'சார்' என்று போடாமல் பெயரை மட்டும் எழுதுவதே பத்திரம்.

இதைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் விஷயம். தினமும் மெயில்கள் குவியும் ஒருவருக்கு, தெரியாத ஆள் காட்டக்கூடிய பெரிய மரியாதை அவர் நேரத்தை வீணாக்காமல் இருப்பதுதான். உங்கள் வரைவில் கோரிக்கை நான்காவது பத்தியில் வருகிறது. அவள் ஆங்கிலத்தில் எழுதட்டும், பொருளைத் தமிழில் தருகிறேன்:

"டியர் கார்த்திகேயன், ஜனவரியில் சேர்ந்த பயிற்சிக் குழுவைச் சேர்ந்தவள் நான், இப்போது சென்னையில் டெஸ்டிங் டீமில் இருக்கிறேன். ஆகஸ்ட் 4-ம் தேதி புனேயில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். 6-ம் தேதி என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை இருப்பதால், 18-ம் தேதி சேர அனுமதிக்க முடியுமா? என் மேலாளரிடம் பேசிவிட்டேன். அவருக்கு ஆட்சேபனை இல்லை, நகலில் இருக்கிறார். புனே டீமின் அறிமுக வகுப்புகளை இங்கிருந்தே ஆன்லைனில் முடித்துவிடுவேன். நன்றி."

கீழே அவள் முழுப்பெயர், பணியாளர் எண். பொருள் வரியில் 'புனே பணிச் சேர்க்கை: 18 ஆகஸ்டுக்கு மாற்றக் கோரிக்கை' என்று இருந்தால் போதும், 'அவசரம்' வேண்டாம். 'முடியுமா' என்று கேட்டிருப்பதைக் கவனியுங்கள். 'கைண்ட்லி அப்ரூவ்' என்பது பணிவாகத் தெரிந்தாலும் மேலே இருப்பவருக்கு உத்தரவு போடுவது போலத்தான் படும். உங்கள் மனைவியின் மருத்துவ ரிப்போர்ட்டை இணைக்க வேண்டாம்; கேட்டால் தரலாம்.

அவர் போனிலிருந்து 'ஓகே' என்று ஒரே சொல்லில் பதில் போட்டால் கோபம் என்று நினைக்காதீர்கள். அதற்காக அவளும் ஒற்றைச் சொல்லுக்கு இறங்கக் கூடாது. 'நன்றி, 18-ம் தேதி சேர்கிறேன்' என்று ஒரு முழு வரி எழுதட்டும். அவர் நாலு வரி எழுதி வெறும் பெயரோடு முடித்திருந்தால், அடுத்த மெயிலில் 'ஹாய்' என்று தொடங்கலாம்.

இரண்டு வேலை நாளில் பதில் இல்லையென்றால் டீம்ஸில் அவரைத் தட்டக் கூடாது. தன் மேலாளரிடம் சொல்லி, அவர் மூலமாகவே நினைவூட்ட வேண்டும். அதனால்தான் அவர் நகலில் இருக்கிறார். சொல்லப்போனால், அனுப்புவதற்கு முன்பே இந்த வரைவை அவரிடம் காட்டட்டும். 'நானே பேசிவிடுகிறேன், மெயில் வேண்டாம்' என்று அவர் சொல்லவும் வாய்ப்பு உண்டு.