மொத்தம் சரியாக இருந்தது, சம்பளம்தான் பிழையாக இருந்தது

கேள்வி: எங்கள் சம்பளக் கோப்பில் கூட்டுத்தொகை எல்லாம் சரியாகவே வருகிறது. ஆனால் விகிதத்தை மாற்றிய பிறகும் ஓரிரு பேருடைய தொகை மாறவில்லை. சூத்திரம் இருந்த இடத்தில் யாரோ வெறும் எண்ணை ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. எக்செலில் அப்படிப்பட்ட கலங்களை எல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் செக்ரோல், அதாவது தொழிலாளர்களின் வேலைநாள், சம்பளப் பதிவேடு, எழுதுகிறவன் நான். 2024 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயிலிருந்து 1,350 ரூபாயாக உயர்ந்தபோது எனக்கு நேர்ந்தது உங்களுடைய சிக்கலேதான் என்பதால், அந்தக் கோப்பை வைத்தே சொல்கிறேன்.

கோப்பின் அமைப்பு எளிமையானது. `B1` கலத்தில் நாட்சம்பள விகிதம் இருக்கும். `D` நிரலில் ஒவ்வொருவருக்கும் அந்த மாதம் விழுந்த பேர், அதாவது வேலை செய்த நாட்கள். `E` நிரலில் அடிப்படைச் சம்பளம். 4 ஆம் நிரை முதல் 145 ஆம் நிரை வரை 142 பேருக்கும் `=D4*$B$1` என்ற ஒரே சூத்திரம் கீழ்நோக்கி இழுத்துவிடப்பட்டிருக்கும். அதற்கு வலப்பக்கம் ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதமும் முற்பணம் முதலிய கழிவுகளும் வந்து, கடைசியில் கைக்குக் கிடைக்கும் தொகை வரும். மாதந்தோறும் முந்தைய மாதத்துக் கோப்பை நகலெடுத்து, நாட்களை மட்டும் புதிதாக இடுவோம். புதிய விகிதத்தில் முதல் செக்ரோல் போட்டபோது `B1` இல் 1350 என்று மாற்றினேன், மொத்தத்தைப் பார்த்தேன், அச்சிட்டேன். சம்பள நாளன்று கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் சம்பளத் துண்டோடு அலுவலக வாசலில் வந்து நின்று, "ஐயா, எனக்குப் பழைய சம்பளமா போட்டிருக்கு? பதினெட்டுப் பேர் இருக்கே" என்றார். பதினெட்டு நாளுக்கு 24,300 ரூபாய் வந்திருக்க வேண்டும். துண்டில் 19,000 இருந்தது. பழைய விகிதத்தில் கணக்கிட்டாலும் 18,000 தானே வரும், இந்த 19,000 எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் என்னைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனது. அது முந்தைய மாதத்தில் அவர் வேலை செய்த 19 நாளுக்கான தொகை.

மொத்தம் ஏன் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். `SUM` தனக்குக் கொடுக்கப்பட்ட கலங்களில் இருப்பதைக் கூட்டுமே தவிர, அந்த எண் கணக்கிட்டு வந்ததா, கையால் இட்டதா என்று பார்ப்பதில்லை. நாங்கள் வழக்கமாகச் செய்யும் சோதனை, நிரை வழியாகக் கூட்டிய மொத்தமும் நிரல் வழியாகக் கூட்டிய மொத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்பது. இரண்டு வழியிலும் போகும் எண் அதே பிழையான எண் என்பதால், இரண்டு மொத்தமும் ஒன்றுபோலவே பிழைத்து, அழகாகப் பொருந்தி நிற்கும். எண் ஒட்டப்பட்ட மாதத்திலோ அது சூத்திரம் தந்த விடைதான். அன்று எந்தப் பிழையும் இல்லை. ஒரு மாதம் கழித்து, நாட்களும் விகிதமும் மாறியபோதுதான் அது பொய்யாயிற்று. எங்கள் கோப்பில் அடிப்படைச் சம்பள மொத்தம் 35,54,950 ரூபாய் என்று காட்டியது. வந்திருக்க வேண்டியது 35,80,200. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. விகிதம் உயர்ந்த மாதத்தில் மொத்தம் எப்படியும் எகிறும் என்று எதிர்பார்த்திருந்த கண்ணுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

தேடும் வேலையைக் கோப்பின் ஒரு நகலில் செய்யுங்கள். வடிகட்டி ஏதும் போட்டிருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். பிறகு, சூத்திரம் மட்டுமே இருக்க வேண்டிய பகுதியை, எங்கள் கோப்பில் `E4:E145` ஐ, தெரிவுசெய்து `F5` ஐ அழுத்தி, `Special` என்பதற்குள் போய் `Constants` ஐத் தெரிவுசெய்யுங்கள். பகுதியைக் குறிக்காமல் ஒரே ஒரு கலத்தில் நின்றபடி இதைச் செய்தால் முழுத் தாளிலும் தேடி, நாட்கள், பெயர்கள், தலைப்புகள் என்று எல்லாவற்றையும் பிடித்துவந்து உங்களைக் குழப்பும். அதற்குக் கீழே வரும் `Numbers`, `Text` ஆகிய இரண்டு குறிகளையும் அப்படியே விட்டுவிடுங்கள். எண் போலத் தெரிந்தாலும் எழுத்தாகப் பதிவான தொகை `Text` இன் கீழ்தான் அகப்படும், அதை `SUM` கூட்டுவதும் இல்லை. ஒட்டிய கலங்கள் இருந்தால் அவை மட்டும் தெரிவாகி நிற்கும்; உடனே ஒரு நிறத்தைப் பூசிவிடுங்கள். எங்கள் கோப்பில் 61, 62, 63 ஆகிய மூன்று நிரைகள் அடுத்தடுத்து அகப்பட்டன. அடுத்தடுத்து இருந்ததே எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிட்டது: முந்தைய மாதம் வேறொரு டிவிஷனிலிருந்து மாறி வந்த மூவருடைய தொகைகளை, அந்த டிவிஷன் கோப்பிலிருந்து `Paste Values` முறையில் ஒரே மூச்சாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். (வைத்தது நானாகவும் இருக்கலாம்.)

பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள், நானும் நிறுத்தியிருப்பேன். மூவருடைய நாட்கள் 18, 21, 16. ஆக 55 நாள். பெரிய கிளாக்கர் தாளைப் பார்த்துவிட்டு, "விகிதத்தில் ஒரு ரூபாய் கூட்டிப் பாருங்க தம்பி" என்றார். விகிதம் ஒரு ரூபாய் உயர்ந்தால், அடிப்படைச் சம்பள மொத்தம் அந்த மாதத்தின் மொத்த நாட்கள் எத்தனையோ அத்தனை ரூபாய் உயர வேண்டும். அந்த மாதம் மொத்தம் 2,652 நாள். `B1` இல் 1351 என்று இட்டபோது மொத்தம் 2,577 ரூபாய் மட்டுமே உயர்ந்தது. 75 நாளுக்கு உரியவர்கள் விகிதத்தைக் கேட்கவே இல்லை. நமக்குத் தெரிந்தது 55 தான். இன்னும் 20 நாள் எங்கோ ஒளிந்திருந்தது. விகிதத்தைப் பூச்சியமாக்கியும் பார்க்கலாம், ஆனால் அடுத்த நிரல்களில் வகுத்தல் ஏதும் இருந்தால் தாள் முழுக்க `#DIV/0!` ஆகிவிடும். ஒரு ரூபாய்ச் சோதனை அந்தத் தொல்லையும் தராது, இன்னும் எவ்வளவு தேட வேண்டும் என்ற அளவையும் தந்துவிடும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பாருங்கள்: `Calculation Options` என்பது `Manual` இல் இருந்தால் `F9` அழுத்தும்வரை எதுவுமே அசையாது, கோப்பு முழுவதும் ஒட்டிய எண்தான் என்று வீணாகப் பதறுவீர்கள்.

ஒளிந்திருந்த 20 நாளைக் கண்டுபிடிக்க, `E4` இல் தொடங்கிக் கீழ்நோக்கி `E145` வரை தெரிவுசெய்து `Ctrl+Shift+\` அழுத்தினேன். `Special` பட்டியலில் `Column differences` என்று இருப்பதும் இதுவே. முதல் கலத்தின் சூத்திர அமைப்போடு மற்ற ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, மாறுபட்டவற்றை மட்டும் அது தெரிவுசெய்யும். முதல் கலமே பிழையாக இருந்தால் சரியானவை எல்லாம் தெரிவாகிவிடும் என்பதால் `E4` ஐ முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அகப்பட்ட மூன்றோடு 88 ஆம் நிரையும் சேர்ந்து நின்றது. அதற்குள் இருந்தது இது:

```
=D88*1000
```

இது சூத்திரம்தான். அதனால்தான் `Constants` தேடல் இதைத் தாண்டிப் போயிற்று. விகிதம் மட்டும் அதற்குள் எண்ணாக உறைந்திருந்தது. அந்த நிரையில் நாட்கள் சரியாக 20. பெரிய கிளாக்கர் தலையை ஆட்டிவிட்டுத் தேநீரைக் குடிக்கப் போய்விட்டார். தொடக்கத்திலேயே `Column differences` போட்டிருந்தால் நான்கும் ஒரே தடவையில் வந்திருக்கும் என்பது உண்மை, ஆனால் எல்லாம் வந்துவிட்டதா என்ற கேள்விக்குப் பதில் சொன்னது அந்த ஒரு ரூபாய்தான்.

அகப்பட்டவுடன் சூத்திரத்தை இழுத்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒட்டிய எண்ணுக்குப் பின்னால் சில வேளை நியாயமான காரணம் இருக்கும். மாறி வந்த மூவருடைய தொகை அந்த ஒரு மாதத்துக்கு அப்படித்தான் வந்தாக வேண்டியிருந்தது. ஆகவே பழைய எண்ணை அருகில் குறித்துக்கொண்டு, ஏன் வந்தது என்று கேட்டறிந்து, தேவையான கூட்டலையோ கழித்தலையோ "திருத்தம்" என்று ஒரு தனி நிரலில் இடும்படி அமைத்தோம். `E` நிரல் இப்போது சூத்திரத்துக்கு மட்டுமே உரியது.

தாளின் அடியில் இரண்டு காவல் கலங்களையும் வைத்திருக்கிறோம்:

```
=SUMPRODUCT(--NOT(ISFORMULA(E4:E145)))
=$B$1*SUM(D4:D145)-SUM(E4:E145)
```

முதலாவது, சூத்திரம் இல்லாத கலங்கள் எத்தனை என்று எண்ணும். எக்செல் 2013 முதல் இது வேலை செய்யும். இரண்டாவது, மொத்த நாட்களை விகிதத்தால் பெருக்கி அதிலிருந்து நிரலின் மொத்தத்தைக் கழிக்கும். இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று மட்டும் போதாது: ஒட்டிய அன்று எண் சரியாகவே இருப்பதால் இரண்டாவது கலம் அன்று வாய் திறக்காது, முதலாவது உடனே சொல்லிவிடும், `=D88*1000` போன்றதை முதலாவது பார்க்காது, விகிதம் மாறியவுடன் இரண்டாவது பிடித்துவிடும். இரண்டுக்கும் தப்பக்கூடியது `=D88*1350` என்று அந்த வேளையில் `B1` இல் உள்ள விகிதத்தையே உள்ளே எழுதிய சூத்திரம். ஆகவே மாதம் ஒருமுறை, அச்சிடும் முன், `B1` இல் ஒரு ரூபாய் கூட்டி இரண்டாவது காவல் கலம் பூச்சியத்திலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, `Ctrl+Z` அழுத்தி விகிதத்தைப் பழையபடி ஆக்குகிறோம்.

எக்செல் தானாகக் காட்டும் பச்சை முக்கோணத்தை நம்பியிருக்க வேண்டாம். அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகாத சூத்திரத்தை அது காட்டும்; சாதாரணத் தாளில் சூத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் வெறும் எண்ணை அது பொருட்படுத்துவதில்லை. பிழைகளைத் திருத்திய பிறகு அந்தப் பகுதியை `Ctrl+T` கொண்டு அட்டவணையாக்கினால், நிரல் முழுவதற்கும் உரிய சூத்திரத்திலிருந்து பின்னர் விலகும் கலத்தைக் காட்டும்.

நால்வருக்கும் சேர்த்து 25,250 ரூபாய் நிலுவை இருந்தது. அடுத்த மாதத் திருத்த நிரலில் அதை இட்டோம். அந்தத் தொகைக்கும் சேமலாப நிதிக்குத் தோட்டம் கட்ட வேண்டிய 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் பாக்கி என்பதால், அவற்றையும் அந்த மாதக் கொடுப்பனவோடு சேர்த்து அனுப்பினோம்.