பாட்டியிடம் எப்படிப் பதில் பேசுவது?

வணக்கம் ஐயா. நான் பெர்த்தில் வளர்ந்தவன். பெற்றோர் பினாங்குக்காரர்கள். தீபாவளிக்குப் பட்டர்வொர்த்தில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போகிறோம். பாட்டி பேசுவது புரியும், ஆனால் வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான் வருகிறது. படைக்கும்போது ஓரமாக நின்றுவிடுவேன். இறந்துபோன தாத்தாவுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது. இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா? இதை அம்மாதான் தமிழில் தட்டித் தந்தார்.
- ம., பெர்த்

அன்புள்ள ம.,

துரோகம் என்பதெல்லாம் பெரிய வார்த்தை, தம்பி. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் பலருக்கும் இதே நிலைதான். பெரியவர்கள் தமிழில் பேசுவார்கள், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். இரண்டு பக்கமும் புரிந்துவிடுவதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை, வருடங்கள் ஓடிவிடும். காது பழகிவிட்டது, வாய்தான் பழகவில்லை. சிறுவயதில் கேட்ட காது வீண்போகாது. புதிதாகக் கற்பவரைவிட உங்களுக்கு உச்சரிப்பு எளிதாகப் படியும்.

குற்ற உணர்வு செய்யும் கெடுதல் ஒன்று இருக்கிறது. தப்பாகப் பேசிவிடுவோமோ என்று நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்கள். உடனே பாட்டி உங்களுக்காக மலாய்க்கோ, தெரிந்த ஆங்கிலத்துக்கோ மாறிவிடுவார். பினாங்கில் கடைத்தெருவில் ஹொக்கியன் என்ற சீன மொழியைக்கூடப் பேசும் பாட்டிகள் உண்டு, மாறுவது அவர்களுக்குச் சிரமமே இல்லை. அப்படி மாறும்போது, "பாட்டி, தமிழ்லயே சொல்லுங்க" என்று கேளுங்கள்.

வகுப்பில் சேரலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அங்கே பெரும்பாலும் எழுத்துத் தமிழ்தான் முதலில் வரும். பாட்டி 'வந்துக்கிட்டிருக்கேன்' என்பார், புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்றிருக்கும்.

உங்களுக்குப் படையலையே பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தீபாவளிக்கு முதல் நாள் நம் ஊர் வீடுகள் பலவற்றில் இறந்தவர்களுக்குப் படைக்கிறார்கள். வாழை இலையில் அவர்களுக்குப் பிடித்த பதார்த்தங்கள், மஞ்சள் தடவிய புதுத்துணி, சாம்பிராணி. ஆனால் என்ன சமைப்பது, மீன் உண்டா இல்லையா, யார் முதலில் கும்பிடுவது என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் வீட்டு முறையைப் பாட்டிதான் சொல்ல முடியும்.

அதனால் இப்போதிருந்தே வாரம் ஒருமுறை அவரைக் கூப்பிடுங்கள். பத்து நிமிடம் போதும். "தாத்தாவுக்கு என்ன பிடிக்கும், பாட்டி?" என்று தொடங்குங்கள். அவர் சம்மதித்தால் குரலைப் பதிவு செய்துகொண்டு, அவர் சொன்ன வாக்கியங்களை அப்படியே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரம் அவற்றையே வைத்து அவரிடம் கேள்வி கேளுங்கள். படையல் அன்றைக்கு ஒரு வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். "நான் இலை போடுறேன், நுனி எந்தப் பக்கம் வரணும்?" என்று கேட்டால் ஓரமாக நிற்க வேண்டியிருக்காது.

சொந்தக்காரர்கள் சிரிக்கலாம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: எல்லார் முன்னாலும் திருத்தாமல் தனியாகத் திருத்தட்டும். பேச்சு சமையலையும் குடும்பத்தையும் தாண்டுவதற்கு மாதக்கணக்காகும், எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குத் தனியாக உழைக்க வேண்டும். அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். தீபாவளி முடிந்ததும் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.