ஐந்தும் கப்ஸ், ஐந்தும் காசு

கேள்வி: புதிதாக ஒரு டாரோ கட்டு வாங்கினேன். என் காதலைப் பற்றி ஐந்து சீட்டு எடுத்தேன். ஐந்தும் கப்ஸ். அப்போது கூட இருந்த அவரும் அதே கட்டில் ஐந்து எடுத்தார். ஐந்தும் பென்டக்கிள்ஸ். “உனக்கு மனசு, அவனுக்குக் காசு, இது ஒத்துவராது” என்கிறாள் தோழி. என்னென்ன சீட்டு என்று கீழே எழுதியிருக்கிறேன். அவள் சொல்வது சரியா?
— பெயர் வேண்டாம், சேலம்

பதில்: தோழி அப்புறம். முதலில் கட்டை எப்படிக் கலைத்தீர்கள், அதைச் சொல்லுங்கள்.

டாரோ கட்டில் 78 சீட்டு. மேஜர் என்ற 22 தனிச் சீட்டு போக மீதி 56-ம் கப்ஸ் என்ற கோப்பை, பென்டக்கிள்ஸ் என்ற காசு, வாண்ட்ஸ் என்ற கோல், ஸ்வார்ட்ஸ் என்ற வாள் என நான்கு வகை, வகைக்கு 14. நன்றாகக் கலைத்த கட்டில் ஐந்து சீட்டு எடுத்து ஐந்துமே கப்ஸாக வருவது 10,545 தடவைக்கு ஒரு தடவை நடக்கிற காரியம். அதே மாலை, அதே கட்டில், அடுத்த ஆளுக்கு ஐந்தும் பென்டக்கிள்ஸ் என்றால் கணக்கு கோடிகளுக்குப் போய்விடும். நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் புதுக் கட்டு பெட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலும் வகைவாரியாகத்தான் அடுக்கியிருக்கும். கையில் வைத்து நாலைந்து தடவை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டால் அந்த அடுக்கு கொத்துக் கொத்தாக இடம் மாறுமே தவிர, உடையாது. கப்ஸ் கொத்திலிருந்து நீங்களும் பென்டக்கிள்ஸ் கொத்திலிருந்து அவரும் எடுத்திருப்பீர்கள் என்பதுதான் என் ஊகம்.

சோதிப்பது சுலபம். மீதிச் சீட்டுகளை இன்னும் கலைக்காமல் வைத்திருந்தால் திருப்பிப் போட்டு வரிசையாகப் பாருங்கள். ஏழெட்டு வாண்ட்ஸ் சேர்ந்தாற்போல, அப்புறம் ஒரு பட்டாளம் ஸ்வார்ட்ஸ் என்று வந்தால் விஷயம் முடிந்தது. அது அச்சகத்தின் வரிசை, உங்கள் காதலின் வரிசை இல்லை. இனிமேல் எல்லாச் சீட்டையும் தரையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் இரண்டு நிமிடம் நன்றாகக் கிளறி, பிறகு சேர்த்து அடுக்குங்கள். சில சீட்டு தலைகீழாகத் திரும்பும், அது பரவாயில்லை.

சரி, கலைத்ததில் குறையே இல்லை, நிஜமாகவே அப்படி வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் தோழி படித்த விதம் தவறு. ஒரு ஸ்ப்ரெட்டில், அதாவது ஒரு கேள்விக்கு எடுத்து வைத்த சீட்டு வரிசையில், நாலு வகையும் கலந்து வரும்போதுதான் வகைக்குப் பேச்சு உண்டு. இங்கே மனசு, அங்கே காசு, இந்த இடத்தில் வாக்குவாதம் என்று அது பிரித்துக் காட்டும். ஐந்தும் ஒரே வகையாக வந்துவிட்டால் வகை ஒரே ஒரு சேதி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது: பேச்சு எந்தப் பக்கத்தைப் பற்றியது என்பதுதான் அந்தச் சேதி. பேச்சு நல்லதா கெட்டதா என்பதை எண்ணையும் படத்தையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1888-ல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற ரகசிய சங்கத்தார் இதற்கு ஒரு விதியே வைத்திருந்தார்கள். ஒரே வகைச் சீட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் ஒன்றையொன்று பலப்படுத்தும். நல்ல சீட்டானால் நல்லது பெருகும், மோசமானதானால் மோசம் பெருகும். கப்ஸ் என்றாலே இனிப்பு என்பது அந்த விதியில் இல்லை. கொட்டிப்போன கோப்பைகளைப் பார்த்து ஒருவன் தலைகுனிந்து நிற்கும் ஐந்தும் கப்ஸ்தான், அடுக்கிய கோப்பைகளை விட்டுவிட்டு ஒருவன் இரவில் மலைப்பக்கம் நடக்கும் எட்டும் கப்ஸ்தான்.

இப்போது உங்கள் சீட்டுகள். உங்களுடையது 1909-ல் வெளிவந்த, வெயிட் என்பவர் திட்டமிட்டு பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டு என்பதால் படங்களை வைத்தே பேசலாம். நீங்கள் எழுதியபடி இடங்கள்: நீங்கள், அவர், இருவருக்கும் நடுவில், தடை, போகும் திசை.

உங்கள் இடத்தில் ஆறு. பழைய வீட்டு முற்றத்தில் ஒரு சிறுவன் பூ நிறைந்த கோப்பையைச் சிறுமியிடம் நீட்டுகிறான். அவர் இடத்தில் கப்ஸ் நைட், அதாவது குதிரைவீரன். கோப்பையை ஏந்தி வருகிறான், ஆனால் குதிரை நடைதான் போடுகிறது, முன்னால் இருக்கும் ஓடையை இன்னும் தாண்டவில்லை. நடுவில் இரண்டு. ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று கோப்பை பரிமாறிக்கொள்ளும் படம். ஒட்டுதல் இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இந்த வகையில் கிடைக்காது. உங்கள் தோழி இந்த ஒரு சீட்டைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

தடை என்ற இடத்தில் விழுந்தது நான்கு. மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். எதிரே மூன்று கோப்பை. மேகத்திலிருந்து ஒரு கை நாலாவதை நீட்டுகிறது, அவன் கண்டுகொள்ளவில்லை. போகும் திசையில் ஏழு. மேகத்தில் ஏழு கோப்பை, ஒன்றில் கோட்டை, ஒன்றில் நகைகள், ஒன்றில் பாம்பு, ஒன்றில் முக்காடிட்ட உருவம். எதிரே நிற்கிற ஆள் வெறும் கறுப்பு நிழல். எதையும் எடுக்கவில்லை. ஆக, பிரியம் இருக்கிறது, நினைவுகள் இருக்கின்றன, கனவு தேவைக்கு மேல் இருக்கிறது. போகிற போக்கு இன்னும் கனவை நோக்கித்தான்.

வராத வகைகளையும் எண்ணுங்கள். வாண்ட்ஸ் இல்லை, அதாவது யாரும் முதல் அடி எடுத்து வைக்கவில்லை. ஸ்வார்ட்ஸ் இல்லை, அதாவது உட்கார்ந்து தெளிவாகப் பேசி முடிவெடுத்தது எதுவும் தெரியவில்லை. வீட்டில் எப்போது சொல்வது, யார் வேலையை மாற்றிக்கொள்வது, எந்த ஊரில் இருப்பது என்பதற்கெல்லாம் இந்த ஐந்தில் ஒரு வரிகூட இல்லை. முழுக் கப்ஸ் ஸ்ப்ரெட்டின் குறை பெரும்பாலும் இதுதான். உணர்ச்சி குறைவதால் கெடுவதில்லை, உணர்ச்சியைத் தவிர வேறொன்றும் இல்லாததால் கெடுகிறது.

அவருடையதில் உங்கள் தோழி பயந்த காசு எங்கே இருக்கிறது பாருங்கள். அவர் இடத்தில் பென்டக்கிள்ஸ் நைட். நாலு நைட்டுகளில் குதிரை அசையாமல் நிற்பது இவனுக்கு மட்டும்தான். பின்னால் உழுத வயல். காசைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். மெதுவான ஆள், சொன்னால் செய்வான், ஆனால் சொல்லவே நாளாகும். உங்கள் இடத்தில் ஒன்பது. திராட்சைத் தோட்டத்தில் கையில் வல்லூறோடு தனியாக நிற்கும் பெண், யாரையும் எதிர்பார்க்காதவள். அவர் உங்களை அப்படித்தான் பார்க்கிறார் என்று நான் படிப்பேன். உங்கள் சம்பளத்தின் மீது கண் என்று இதைப் படிக்க வேண்டுமானால் படிக்கலாம். ஆனால் அதற்கு வேறு சீட்டு சாட்சி சொல்ல வேண்டும். பிடி விடாத மனசுக்குரிய நான்கு, அதாவது காசை மார்போடு கட்டிக்கொண்டு, தலையில் ஒன்று, காலடியில் இரண்டு என்று உட்கார்ந்திருப்பவன், வந்திருந்தால் தோழிக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கும். அவன் வரவில்லை.

தடை இடத்தில் ஐந்து வந்திருக்கிறது. பனியில் இரண்டு ஏழைகள், ஒருவர் ஊன்றுகோலோடு, தேவாலய ஜன்னலில் வெளிச்சம் எரிய, வெளியே நடந்து போகிறார்கள். பணக் கஷ்டம், அல்லது கஷ்டம் வந்துவிடுமோ என்ற பயம். வேடிக்கை என்னவென்றால், இதே சீட்டைச் சிலர் காதலர்களுக்கான சீட்டாகவும் கொள்கிறார்கள் என்று வெயிட் தன் கையேட்டில் எழுதியிருக்கிறார். படத்தைப் பார்த்தால் புரிகிறது: இருவரும் சேர்ந்துதான் நடக்கிறார்கள். கடைசி இடத்தில் ஏழு. மண்வெட்டியில் சாய்ந்து, செடியில் காய்த்திருக்கும் காசுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிற விவசாயி. விளைந்திருக்கிறது, ஆனால் அறுவடை இன்னும் ஆகவில்லை.

என் கண்ணை உறுத்துவது நடுவில் விழுந்த ஆறுதான். வசதியான ஒருவர் தராசைப் பிடித்துக்கொண்டு நின்று, கீழே மண்டியிட்டவர்களுக்குக் காசு போடுகிறார். தருகிறவர் நிற்கிறார், வாங்குகிறவர் முட்டி போட்டிருக்கிறார். இரண்டு பேருக்கு நடுவே இந்தப் படம் வந்தால் யார் தருகிறார், யார் வாங்குகிறார் என்று கேட்டாக வேண்டும். ஹோட்டல் பில்லை எப்போதும் ஒருவரே கட்டுகிறாரா? உங்கள் வீட்டில் யாருக்காவது அவர் உதவியிருக்கிறாரா, அல்லது நீங்கள் அவருக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்களா? அந்த உதவி எப்போதாவது பேச்சில் சுருக்கென்று வந்திருக்கிறதா? தோழியின் சந்தேகத்தில் ஏதாவது உண்மை ஒளிந்திருந்தால் இந்த ஒரு சீட்டில்தான் இருக்கும். அதைச் சீட்டு முடிவு செய்யாது, உங்கள் இருவரின் நடப்புதான் சொல்லும்.

“ஒத்துவராது” என்ற தீர்ப்புக்கு வருவோம். உங்கள் தோழி சீட்டு சாஸ்திரத்தை வைத்துத்தான் சொன்னார் என்றால், அந்தச் சாஸ்திரமே அவருக்கு எதிர்க்கட்சி. கப்ஸ் நீர், பென்டக்கிள்ஸ் நிலம், வாண்ட்ஸ் நெருப்பு, ஸ்வார்ட்ஸ் காற்று. கோல்டன் டான் விதிப்படி நீரும் நிலமும் நட்பு. பகை நெருப்புக்கும் நீருக்கும், காற்றுக்கும் நிலத்துக்கும்தான். உங்களுக்குக் கப்ஸும் அவருக்கு வாண்ட்ஸும் வந்து தோழி இதைச் சொல்லியிருந்தால் நானும் ஒரு நிமிடம் யோசித்திருப்பேன். அதோடு, இவை இரண்டு பேர் தனித்தனியாக எடுத்த இரண்டு ஸ்ப்ரெட். பக்கத்தில் வைத்துப் பொருத்தம் பார்க்க அவை ஒரே கேள்விக்கு வந்த பதில்கூட இல்லை. நீங்கள் காதலைக் கேட்டீர்கள். அவர் மனதில் என்ன கேட்டுக்கொண்டு எடுத்தார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வேலையைப் பற்றிக் கேட்டிருந்தால் ஐந்து பென்டக்கிள்ஸ் என்பது சாதாரணப் பதில். அதை முதலில் அவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. பிடித்த வகை வருகிறவரை திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். கட்டைக் கிளறிக் கலைத்த பிறகு ஒரே ஒரு முறை, இருவரும் சேர்ந்து ஒரே கேள்வியைச் சொல்லி, மூன்று சீட்டு போதும். “வீட்டில் எப்போது சொல்வது” என்பது நல்ல கேள்வி. அந்த மூன்றுமே கப்ஸாக வந்தால், 209-க்கு ஒன்று என்பதால், அதிசயப்படத் தேவையில்லை. சொல்லும் தேதியை நீங்களே முடிவு செய்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.