தாத்தாவின் முடியும் அப்பாவின் வழுக்கையும்

அன்புள்ள ஐயா,

வழுக்கை அம்மா வழியில்தான் வரும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். என் அம்மாவின் அப்பாவுக்கு 80 வயதிலும் தலை நிறைய முடி. அப்பாவுக்கோ 30 வயதிலேயே உச்சி தெரிய ஆரம்பித்துவிட்டது. எனக்கு இப்போது 26. நெற்றியின் இரண்டு ஓரமும் மேலே ஏறிக்கொண்டே போகிறது. தாத்தாவை நம்பிச் சும்மா இருக்கலாமா?

க.

அன்புள்ள க.,

சும்மா இருக்க வேண்டாம். நீங்கள் கேட்டு வளர்ந்த பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியும் தாத்தாவைக் கைகாட்டுவதில்லை.

ஆண் ஹார்மோனை முடியின் வேர் எந்த அளவுக்கு உள்வாங்குகிறது என்பதில் ஆண்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அப்பா தருவது ஒய், அம்மா தருவதுதான் எக்ஸ். ஆகவே இந்த ஒரு மரபணு உங்களுக்கு அம்மாவிடமிருந்து மட்டுமே வந்திருக்க முடியும். ஊர் பேசுவதற்கு அடிப்படை இதுதான்.

ஆனால் அம்மாவிடம் இரண்டு எக்ஸ் உண்டு. ஒன்று தாத்தா கொடுத்தது, மற்றது பாட்டி கொடுத்தது. உங்களுக்கு வந்த அந்த மரபணு தாத்தாவுடையதாக இருக்கும் வாய்ப்பு சரிபாதி. பாட்டியுடையதாக இருந்தால் தாத்தாவின் தலையைப் பார்த்து ஒன்றும் தெரியாது. பலர் தாய்மாமனைப் பார்த்துக் கணிக்கிறார்கள். மாமாவின் எக்ஸ் முழுக்கப் பாட்டியிடமிருந்து வந்தது. அதில் தாத்தாவின் பங்கே கிடையாது. தாத்தாவுக்கு அடர்ந்த முடியும் மாமாவுக்கு வழுக்கையுமாகப் பல வீடுகளில் பார்ப்பதற்கு இது ஒரு காரணம். என் அண்ணனுக்கு 28 வயதில் உச்சி வெளியே வந்துவிட்டது, எனக்கு இன்னும் வரவில்லை. ஒரே அம்மா, ஒரே அப்பா. அண்ணன் அந்த வருடங்களில் எங்கள் அம்மாவிடம் கோபமாகவே பேசுவார், அம்மா பதில் சொல்லத் தெரியாமல் நிற்பார். இந்த மூடநம்பிக்கையை நான் இவ்வளவு அக்கறையோடு மறுப்பதற்கு அதுவே காரணம்.

சரி, அந்த எக்ஸில் வழுக்கைக்குரிய வடிவமே வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முடிவு சொல்ல முடியாது. 2001இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்த மரபணுவில் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தைத் தேடினார்கள். இளம் வயதில் வழுக்கை விழுந்த ஆண்களில் 98 சதவீதம் பேரிடம் அது இருந்தது. இத்தோடு நிறுத்தினால் அம்மா வழிதான் என்று தோன்றும். ஆனால் வழுக்கையே இல்லாதவர்களிலும் ஏறக்குறைய 77 சதவீதம் பேரிடம் அதே அடையாளம் இருந்தது. அதாவது அது இல்லாமல் இளவயது வழுக்கை வருவது அரிது. இருந்தால் வந்தே தீரும் என்பதும் இல்லை. வேறு மரபணுக்களும் கூடவே சேர வேண்டும்.

அந்த வேறு மரபணுக்கள் எங்கே இருக்கின்றன? 2008இல் 20ஆம் குரோமோசோமில் ஒரு இடம் கண்டுபிடிக்கப்பட்டது. அது அப்பாவிடமிருந்தும் வரும், அம்மாவிடமிருந்தும் வரும். 2017இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் பிரிட்டனைச் சேர்ந்த 52,000க்கும் மேற்பட்ட ஆண்களின் மரபணுத் தரவைப் பார்த்து, வழுக்கையோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டார்கள். அவற்றில் எக்ஸில் இருந்தவை 40. வழுக்கையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில், பொதுவான மரபணு மாற்றங்களைக் கொண்டு பாலினம் சாராத குரோமோசோம்கள் விளக்கிய பங்கு சுமார் 47 சதவீதம். எக்ஸ் விளக்கியது சுமார் 5. தனி ஒரு இடம் என்று எடுத்தால் எக்ஸில் இருப்பதுதான் வலிமையானது. மொத்தமாகக் கூட்டினால் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தருவதுதான் பெரிது. உங்கள் அப்பாவின் 30 வயது உச்சியை நீங்கள் ஒதுக்கிவிட முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே தாத்தாவையும் அப்பாவையும் விட்டுவிட்டு உங்கள் தலையையே பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் நெற்றி ஓரத்து முடியையும் பின்கழுத்துக்கு மேலே உள்ள முடியையும் ஒப்பிடுங்கள். பின்னால் எல்லாம் ஒரே தடிமனில் இருக்க, ஓரத்தில் தடித்த முடிகளுக்கு நடுவே குட்டையாக, நூல் போல மெலிந்து, நுனி கூராக நிற்கும் முடிகள் தெரிந்தால், வேர்கள் சுருங்க ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். பரம்பரை வழுக்கையில் முதலில் நடப்பது இந்த மெலிதல்தான். தலைவாரும்போது கொத்தாகக் கொட்டுவதும், புழுவெட்டு போல வட்டமாக உதிர்வதும் வேறு கதை.

மெலிதல் தெரிந்தால் தோல் மருத்துவரை இப்போதே பாருங்கள். ஃபினாஸ்டிரைடு, மினாக்சிடில் இரண்டும் இருக்கும் முடியைக் காப்பாற்றுவதில்தான் நன்றாக உதவுகின்றன. வழவழவென்று ஆகிப்போன இடத்தில் அவற்றால் செய்ய முடிவது குறைவு. பக்கவிளைவுகளை அவரிடம் விளக்கமாகக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.