வாராவாரம் திங்கள் காலை 9 மணிக்குப் பதிவு போக `* 9 * * 1` என்று, லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் கொடுத்தேன். ஒரே பதிவு 60 தடவை போயிருக்கு. எங்கே தப்பு?

முதல் நட்சத்திரத்தில். கிரான் வரியில் இடமிருந்து வலமாக நிமிடம், மணி, மாதத்தின் தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டங்கள். நட்சத்திரம் போட்டால் அந்தக் கட்டத்தைக் கிரான் கண்டுகொள்ளாது என்று நினைத்திருப்பீர்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் படிக்கிறார்கள். உண்மையில் அந்தக் கட்டத்தில் வரக்கூடிய எல்லா எண்ணும் சரி என்பதே அதன் பொருள்.

கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை கண்விழித்து, இப்போதைய நேரம் ஐந்து கட்டங்களோடும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். போன நிமிடம் இதே வேலையை ஓட்டினோமே என்ற நினைவு அதற்குக் கிடையாது. 9:00 பொருந்தும், 9:01 பொருந்தும், 9:59 வரை பொருந்தும். நிமிடத்தை 0 என்று கட்டிப்போட்டால் ஒருமுறைதான் ஓடும்:

```
0 9 * * 1 /home/pathivu/post.sh
```

இதை வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். அந்த 60 பதிவுகளும் எத்தனை மணிக்குப் போயின என்று பாருங்கள். பிற்பகல் 2:30 முதல் 3:29 வரை என்றிருந்தால், உங்கள் சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் ஓடுகிறது. வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். `timedatectl` என்று அடித்தால் தெரிந்துவிடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நம்முடைய காலை 9 மணி அங்கே 3:30:

```
30 3 * * 1 /home/pathivu/post.sh
```

கழிக்கும்போது நள்ளிரவைத் தாண்டினால் கிழமையும் மாறும். இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். திங்கள் விடியற்காலை 5 மணிக்குப் போகவேண்டிய பதிவுக்கு யு.டி.சி.யில் ஞாயிறு இரவு 11:30, அதாவது `30 23 * * 0`. மணியை மட்டும் மாற்றிவிட்டுக் கடைசியில் 1 என்றே விட்டால், பதிவு செவ்வாய் விடியற்காலையில் வரும்.

வரிக்கு மேலே `CRON_TZ=Asia/Kolkata` என்று எழுதினால் போதுமே என்று யாராவது கீழே வந்து சொல்வார்கள். ஃபெடோரா, ரெட் ஹாட் பக்கம் வரும் cronie என்ற கிரான் வகையில் அது வேலை செய்யும். டெபியன், உபுண்டுவில் வழக்கமாக வரும் கிரானில் செய்யாது. அதனால்தான் கழித்துப் போடச் சொல்கிறேன்.

எந்த மென்பொருளுக்கு என்று சொல்லாமல் வெறும் வரியை ஒட்டிவிட்டுப் போகும் பதில்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. லினக்ஸ் கிரானில் 0 ஞாயிறு, 1 திங்கள், 7 மறுபடி ஞாயிறு. ஜாவா உலகத்தில் இதே வேலையைச் செய்யும் குவார்ட்ஸில் 1 என்றால் ஞாயிறு, முதல் கட்டமும் நிமிடம் இல்லை, விநாடி. ஒன்றின் வரியை மற்றதில் ஒட்டினால் எப்படிச் சரியாக வரும்? கிழமையை `MON` என்று எழுதிவிட்டால் எண் குழப்பமாவது தீரும், இரண்டுமே அதை ஏற்கும்.

அடுத்து நீங்கள் மாதத்தின் முதல் திங்கள் மட்டும் போகவேண்டும் என்று கேட்கக்கூடும். முதல் திங்கள் எப்போதும் 1 முதல் 7 தேதிக்குள் வரும் என்பதால், `30 3 1-7 * 1` என்று எழுதத் தோன்றும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதி, கிழமை இரண்டு கட்டங்களிலும் நட்சத்திரம் இல்லாவிட்டால், இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே கிரான் ஓட்டிவிடும். மற்ற கட்டங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆக 1 முதல் 7 வரை தினமும் ஒரு பதிவு, அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் ஒன்று, மாதத்துக்கு 10 அல்லது 11 பதிவுகள். கிரான் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள், அது விதிப்படிதான் நடக்கிறது. வழி, தேதியை மட்டும் கிரானிடம் கொடுத்துவிட்டு, கிழமையைக் கட்டளைக்குள் சோதிப்பது:

```
30 3 1-7 * * [ "$(date +\%u)" = 1 ] && /home/pathivu/post.sh
```

`date +%u` திங்களுக்கு 1 தரும். `%` முன்னால் இருக்கும் `\` தட்டுப்பிழை என்று எடுத்துவிடாதீர்கள். கிரான் வெறும் `%` குறியை வரி முடிந்ததாக எடுத்துக்கொண்டு கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். டெர்மினலில் அடித்துப் பார்த்தால் ஒழுங்காக ஓடுவதும், கிரானில் வைத்தால் கட்டளை பாதியில் முடிந்துவிட்டது என்ற பிழையோடு நிற்பதும் இதனால்தான்.